மகிழ்ச்சி சரி, ஆதாரம் எங்கே?

"இன்றைய வகுப்பு எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தார்கள். அடுத்த முறை இன்னும் சிறப்பாகக் கற்பிப்பேன்."

பி.எட். படிப்பவர்கள் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகும் நாட்களில் எழுதும் ரிஃப்ளெக்டிவ் ஜர்னலைப் புரட்டினால், இந்த மூன்றில் ஒரு வாக்கியமாவது கண்ணில் படாமல் போகாது. பாடத்தின் பெயரை மறைத்துவிட்டால் அது கணக்கு வகுப்பா தமிழ் வகுப்பா என்று சொல்ல முடியாது. தேதியை மறைத்துவிட்டால் பயிற்சியின் முதல் நாளா கடைசி நாளா என்றும் தெரியாது. இருந்தாலும் கீழே கையெழுத்து விழுகிறது, மதிப்பெண்ணும் விழுகிறது.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. மாணவர் பள்ளியில் கழிக்க வேண்டிய காலமும் 20 வாரமாக நீண்டது. லெசன் பிளான், அப்சர்வேஷன் ரெக்கார்டு இவற்றோடு, வகுப்பில் நடந்ததைத் திரும்ப எண்ணிப்பார்த்து எழுதும் இந்த ஜர்னலும் உண்டு. அதே மாணவர் கல்லூரியில் அசைன்மென்ட்டும் எழுதுகிறார். 'குழுக் கற்றலின் நிறைகுறைகள்' என்பது போன்ற தலைப்பில் பத்துப் பன்னிரண்டு பக்கம். அங்கே "எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருந்தது" என்று எழுதினால் பேராசிரியர் சிவப்பு மையில் அடித்துவிடுவார். ஜர்னலிலோ, "உங்கள் மனதில் பட்டதை எழுதுங்கள்" என்று அவரே சொல்கிறார். இரண்டையும் சேர்த்து மாணவர் தாமாக ஒரு விதி வகுத்துக்கொள்கிறார்: கட்டுரைக்கு ஆதாரம் வேண்டும், ஜர்னலுக்கு மனசு போதும்.

இந்த விதியில் பாதிதான் சரி. மீதிப் பாதியால்தான் ஜர்னல்கள் எல்லாம் ஒரே முகத்தோடு இருக்கின்றன.

முதலில் சரியான பாதியைப் பார்த்துவிடலாம். பகுப்பாய்வுக் கட்டுரையில் ஆராயப்படும் பொருள் எழுதுபவருக்கு வெளியே இருக்கிறது. குழுக் கற்றல் என்பது யார் எழுதினாலும் குழுக் கற்றல்தான். எழுதுபவர் ஒரு கருத்தை முன்வைக்கிறார், அதற்குச் சான்று காட்டுகிறார், எதிர்க்கருத்து என்ன என்று கேட்டுப் பதில் சொல்கிறார். 'நான்' அங்கே தேவைப்படுவதில்லை. மீள்நோக்கி எழுதும் குறிப்பில் ஆராயப்படுவதே அந்த 'நான்'தான். வகுப்பெடுத்தவரும் அவர், அதைப் பற்றித் தீர்ப்பெழுதுபவரும் அவர். அப்போது அவருக்கு என்ன தோன்றியது என்பதை அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. எனவே உணர்ச்சிக்கு அங்கே முழு உரிமை உண்டு.

சிக்கல் அடுத்த அடியில் தொடங்குகிறது. "பயமாக இருந்தது" என்று ஒருவர் எழுதினால் அதற்கு யாரும் மேற்கோள் கேட்கப்போவதில்லை. அவர் பயந்தார், அவ்வளவுதான். "பயந்ததால் வேகமாகப் பேசிவிட்டேன்" என்று எழுதினால் அது வேறு வகை. அதில் ஒரு காரணமும் ஒரு விளைவும் இருக்கின்றன. உண்மையிலேயே வேகமாகத்தான் பேசினாரா? வழக்கமாகவே அவர் பேச்சு அப்படித்தானா? "அதனால் மாணவர்களுக்குப் பாடம் புரியவில்லை" என்று தொடர்ந்தால் அது இன்னும் தூரம் போய்விடுகிறது. இப்போது பேச்சு அவருடைய மனதைப் பற்றியது அல்ல, வேறு சிலருடைய தலைக்குள் நடந்ததைப் பற்றியது. அங்கே நுழைய அவருடைய உணர்ச்சியை மட்டும் காட்டினால் போதாது.

ஆக, உணர்ச்சிக்கு யாரும் சான்று கேட்கவில்லை. உணர்ச்சியின் முதுகில் ஏறிக்கொண்டு வரும் முடிவுகளுக்குத்தான் கேட்கிறார்கள். ஜர்னலில் இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டு வருவதால், எழுதுபவருக்கே எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பது தெரிவதில்லை.

ஒரு பின்னக் கணக்கு

இதை ஒரு வகுப்பில் வைத்துப் பார்ப்போம். கற்பனை வகுப்புதான், ஆனால் கணக்கு ஆசிரியர்கள் யாருக்கும் அந்நியமாக இருக்காது. ஆறாம் வகுப்பு, 36 பிள்ளைகள், மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை. பயிற்சி ஆசிரியை எடுப்பது பகுதி எண்கள் வேறுபடும் பின்னங்களின் கூட்டல். அட்டையில் இரண்டு வட்டம் வரைந்து, ஒன்றில் பாதியும் மற்றொன்றில் மூன்றில் ஒரு பங்கும் வண்ணம் தீட்டிக் கொண்டுவந்திருக்கிறார். கரும்பலகையில் மூன்று கணக்குகள் போட்டுக் காட்டுகிறார். "புரிஞ்சுதா?" என்று கேட்கிறார். "புரிஞ்சுது மிஸ்!" என்று வகுப்பே அதிர்கிறது.

அன்று மாலை அவர் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்: "தொடக்கத்தில் சற்றுப் பதற்றமாக இருந்தது. வட்ட அட்டைகளைக் காட்டியதும் பிள்ளைகள் உற்சாகமாகிவிட்டார்கள். கேள்விகளுக்குச் சட்சட்டென்று பதில் வந்தது. அனைவருக்கும் புரிந்தது மிகுந்த மகிழ்ச்சியளித்தது."

இதில் பொய் எதுவும் இல்லை. அவருக்குப் பதற்றம் இருந்தது, பிறகு மகிழ்ச்சி வந்தது. ஆனால் "அனைவருக்கும் புரிந்தது" என்ற செய்தி, மகிழ்ச்சியைச் சொல்லும் வாக்கியத்துக்குள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

இப்போது இந்த ஆசிரியை இரண்டு காரியங்களை முன்கூட்டியே செய்துவைத்திருந்தார் என்று கொள்வோம். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து 1/2 + 1/3 எவ்வளவு என்று எழுதி வாங்கினார். கடைசி பெஞ்சில் சக பயிற்சி ஆசிரியை ஒருவரை உட்காரவைத்து, எந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னார்கள் என்று குறிக்கச் சொன்னார்.

சீட்டுகளை எண்ணினால் 5/6 என்று சரியாக எழுதியவர்கள் 13 பேர். 2/5 என்று எழுதியவர்கள் 17 பேர். ஒன்றும் எழுதாமலோ வேறு எதையோ எழுதியோ கொடுத்தவர்கள் 6 பேர். தோழியின் தாளில் மொத்தம் 14 கேள்விகள். அதில் 9 கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் முதல் இரண்டு பெஞ்சில் இருக்கும் அதே நான்கு பிள்ளைகள். 3 கேள்விகளுக்கு வகுப்பே கோரஸாகச் சொன்னது. மிச்சம் 2 கேள்விகளுக்கு ஆசிரியையே பதிலும் சொல்லிவிட்டார்.

பெரும்பாலான மாணவர்கள் இந்த இடத்தில் தடுமாறிவிடுவார்கள். மாலை எழுதிய மகிழ்ச்சியை அடித்துவிட்டு, "என் வகுப்பு தோல்வி, மிகவும் வருந்துகிறேன்" என்று மாற்றி எழுதுவார்கள். அப்படி எழுதினால் ஓர் உணர்ச்சி போய் இன்னோர் உணர்ச்சி வந்தது என்பதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. மகிழ்ச்சியை அடிக்க வேண்டிய தேவையே இல்லை. அது வந்தது எதனால் என்று கேட்க வேண்டும். நான்கு பிள்ளைகளின் வேகமான பதில், கோரஸ், அட்டையைக் காட்டியதும் எழுந்த சலசலப்பு, இவைதாம் அந்த மகிழ்ச்சியின் ஊற்று. ஆசிரியை வகுப்பில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவருடைய மகிழ்ச்சி காட்டிக்கொடுக்கிறது. மூன்றாவது பெஞ்சுக்குப் பின்னால் அவருடைய கண் போகவில்லை. இதைச் சீட்டு மட்டும் சொல்லியிருக்காது, உணர்ச்சி மட்டும் சொல்லியிருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் தெரிந்தது.

அடுத்து அந்த 17 சீட்டுகள். 2/5 எப்படி வந்தது? மேலே உள்ள 1-ஐயும் 1-ஐயும் கூட்டினால் 2, கீழே உள்ள 2-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 5. பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல், கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு தனித்தனி முழு எண்களாகப் பார்க்கும் பிள்ளை இப்படித்தான் போடும். பின்னக் கூட்டலில் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை இது. கணிதம் கற்பித்தல் பற்றிய நூல்கள் இதை விரிவாகப் பேசுகின்றன. 2/5 பாதியைவிடச் சிறியது. பாதி வட்டத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் பாதிக்கும் குறைவாக வருமா என்று கேட்டிருந்தால், பல பிள்ளைகள் தாமே திடுக்கிட்டிருப்பார்கள். வட்ட அட்டைகள் கையில் இருந்தும் ஆசிரியை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அட்டையைக் காட்டினார், உள்ளே வைத்தார், பிறகு மீ.சி.ம. கண்டுபிடிக்கப் போய்விட்டார்.

இவ்வளவு ஆதாரம் கையில் இருந்தாலும் அது எதைச் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஒன்றும் எழுதாத சீட்டுகளைக் கொடுத்தவர்களுக்குத் தெரியவில்லையா, மணி அடித்துவிட்டதா? தெரியாது. வகுப்புக்கு முன்னால் இதே கணக்கைக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் 2/5 எழுதியிருப்பார்கள்? அதுவும் தெரியாது. முப்பது பேர் எழுதியிருக்கலாம், அது 17 ஆகக் குறைந்திருக்கலாம். அப்படியானால் வகுப்பு தோல்வி என்று சொல்வதும் ஆதாரமற்ற பேச்சுதான். "வகுப்பு முடிவில் 17 பேரிடம் இந்தப் பிழை இருந்தது, என் கண்ணுக்கு அது படவில்லை" என்பது வரைதான் இந்தச் சீட்டுகள் தாங்கும்.

மறுநாளுக்கான திட்டமும் இப்போது தானாக மாறிவிடுகிறது. "இன்னும் சிறப்பாகக் கற்பிப்பேன்" என்ற வாக்கியத்தில் தோற்கவே வழியில்லை, ஏனென்றால் அதில் எதுவும் சொல்லப்படவில்லை. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: கணக்கைப் போடுவதற்கு முன்னால் "விடை பாதிக்கு மேலா, கீழா?" என்று கேட்பேன். பதிலைப் பின்பெஞ்சிலிருந்து வாங்குவேன். முடிவில் 1/2 + 1/4 கொடுத்து, 2/6 என்று எத்தனை சீட்டு வருகிறது என்று எண்ணுவேன். இந்தத் திட்டம் தோற்கக்கூடியது, அதனால்தான் அதற்கு மதிப்பு. மறுநாள் 2/6 என்று பதினைந்து சீட்டு வந்தால், எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே

தோழியின் தாளில் இன்னொரு விஷயம் இருந்தது. இரண்டு கேள்விகளுக்கு ஆசிரியையே பதில் சொல்லிவிட்டார் அல்லவா? அதைப் படித்ததும் அவருக்கு நினைவு வருகிறது: "யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதி எனக்கு ரொம்ப நேரம்போல இருந்தது. சங்கடமாகிவிட்டது, நானே சொல்லிவிட்டேன்."

இது மிக நல்ல வாக்கியம். இங்கே உணர்ச்சி ஒரு செயலுக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது. இதற்குப் பக்கபலமாகப் படித்தது ஒன்று வந்தால் அது அலங்காரமாக இருக்காது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்து, 1970-களில் ஒரு விஷயத்தைச் சொன்னார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் வரவில்லையென்றால் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார்கள், அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார்கள், அல்லது தாமே சொல்லிவிடுகிறார்கள். இந்த இடைவெளியை மூன்று நொடியோ அதற்கு மேலோ நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

இப்போது ஆசிரியைக்கு "ரொம்ப நேரம்போல" இருந்த அமைதியை வேறு விதமாகப் பார்க்க முடிகிறது. அது உண்மையில் ஒன்றரை நொடியாக இருந்திருக்கலாம். கைபேசியில் வகுப்பைப் பதிவுசெய்ய அனுமதி கிடைத்திருந்தால் அளந்தே சொல்லியிருக்கலாம். சங்கடம் பொய்யல்ல, ஆனால் சங்கடம் கடிகாரமும் அல்ல.

பி.எட். மாணவர்களிடம் இதற்கான கருவி இல்லாமலும் இல்லை. நெட் ஃபிளாண்டர்ஸ் 1960-களில் வகுத்த வகுப்பறை உரையாடல் பகுப்பாய்வை அவர்கள் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். மூன்று நொடிக்கு ஒருமுறை, பேசுவது ஆசிரியரா மாணவரா, எந்த வகைப் பேச்சு என்று பத்து வகைகளில் ஒன்றைக் குறிக்கும் முறை அது. பத்தில் ஏழு ஆசிரியர் பேச்சு, இரண்டு மாணவர் பேச்சு, ஒன்று அமைதி அல்லது குழப்பம். பத்து மதிப்பெண் கேள்விக்கு இதை மனப்பாடம் செய்கிறார்கள். தம் சொந்த வகுப்பில் பத்து நிமிடம் ஒரு தோழியைக் குறிக்கச் சொல்லி, அந்தத் தாளை ஜர்னலில் ஒட்டலாமே என்ற எண்ணம் வருவதில்லை. படிப்பு ஒரு நோட்டில், அனுபவம் இன்னொரு நோட்டில். இரண்டு நோட்டும் ஒரே பையில்தான் இருக்கின்றன.

பகுப்பாய்வு வெளியே இல்லை

ஜர்னலுக்கு மாதிரியாகப் பல கல்லூரிகளில் கொடுக்கப்படும் வட்டம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பாலிடெக்னிக்கைச் சேர்ந்த கிரகாம் கிப்ஸ் 1988-இல் வெளியிட்டது. நடந்தது என்ன, என்ன உணர்ந்தேன், எது நல்லது எது கெட்டது, ஏன் அப்படி, என்ன முடிவுக்கு வருகிறேன், அடுத்து என்ன செய்வேன் என்று ஆறு படிகள். உணர்வு இரண்டாம் படி. பகுப்பாய்வு நான்காம் படி. உணர்வுக்கு ஒரு படி கொடுத்த அதே வட்டம் பகுப்பாய்வுக்கும் ஒரு படி கொடுத்திருக்கிறது. நம் மாணவர்களில் பலர் இரண்டாம் படியில் ஏறி, மூன்றையும் நான்கையும் தாண்டிக் குதித்து, ஆறாம் படியில் போய் நிற்கிறார்கள். "பதற்றமாக இருந்தது, அடுத்த முறை பதற்றப்படமாட்டேன்" என்பது அந்தத் தாவல்தான்.

இந்தச் சிந்தனை மரபின் வேர் இன்னும் பழையது. ஜான் டூயி 1910-இல் வெளியிட்ட 'நாம் சிந்திக்கும் முறை' என்ற நூலில், மீள்நோக்கிச் சிந்திப்பதை வரையறுக்கும்போதே, ஒரு நம்பிக்கையை அது எந்த அடிப்படையின் மேல் நிற்கிறது என்று பார்த்து ஆராய்வதாகத்தான் சொன்னார். அந்த வரையறையிலேயே ஆதாரம் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் கொண்டுவந்து சேர்த்த நிபந்தனை இல்லை அது.

1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் ஹாட்டன், ஸ்மித் இருவரும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களின் எழுத்துகளை எடுத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். வெறுமனே நடந்ததைச் சொல்வது முதல் வகை, அதை அவர்கள் மீள்நோக்கு என்றே கணக்கில் எடுக்கவில்லை. நடந்ததற்குத் தனக்குத் தோன்றிய காரணத்தையும் சொல்வது இரண்டாவது. கொஞ்சம் பின்வாங்கி நின்று, "இப்படியும் இருக்கலாமோ, அப்படியும் இருக்கலாமோ" என்று தன்னோடு தானே வாதாடுவது மூன்றாவது. அந்த வகுப்பறைக்கு வெளியே இருக்கும் சமூகச் சூழலையும் சேர்த்துப் பார்ப்பது நான்காவது. அவர்கள் பார்த்த எழுத்துகளில் இரண்டாம் வகையே மிகுதி. நம்மூர் ஜர்னல்களை அப்படிப் பிரித்தால் முதல் வகைதான் முந்தும் என்பது என் எண்ணம்.

மேலே பார்த்த குறிப்பில், ஒன்றும் எழுதாத சீட்டுகளுக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று யோசித்த இடம் மூன்றாம் வகை. முன்பெஞ்சு நான்கு பேர் யார், பின்பெஞ்சில் உட்காருபவர்கள் யார், அப்படி உட்காரவைத்தது எது என்று ஆசிரியை கேட்கத் தொடங்கினால் அது நான்காம் வகை.

அதே 17 சீட்டு, வேறொரு கட்டுரையில்

இதே ஆசிரியை 'ஆறாம் வகுப்பு மாணவர்களின் பின்னக் கூட்டல் பிழைகள்' என்று ஒரு பகுப்பாய்வுக் கட்டுரை எழுதினால் என்ன ஆகும்? அவருடைய மகிழ்ச்சிக்கும் சங்கடத்துக்கும் அதில் இடமில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜர்னலில் அவ்வளவு பேசிய அந்த 17 சீட்டுகள் இங்கே வாயடைத்துப் போகின்றன. ஒரு பள்ளி, ஒரு வகுப்பு, ஒரே ஒரு கணக்கு. இதை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பல பள்ளிகள், பலவகைக் கணக்குகள், முன்தேர்வு, பின்தேர்வு, ஏற்கெனவே வந்த ஆய்வுகளோடு ஒப்பீடு எல்லாம் வேண்டும்.

ஜர்னலில் அந்தச் சீட்டுகள் போதுமானவையாக இருந்ததற்குக் காரணம், அங்கே அவர் சொல்ல வந்தது சின்ன விஷயம்: இந்த வகுப்பு, இந்த நாள், நான். கேள்வி சின்னதாக இருந்தால் அதற்கு வேண்டிய ஆதாரமும் சின்னதாக இருக்கலாம். சொல்லப்போனால் இரண்டு வகை எழுத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஒன்றுக்கு ஆதாரம் வேண்டும், மற்றதற்கு வேண்டாம் என்பது தவறான பிரிவினை. எவ்வளவு ஆதாரம், எந்த வகை ஆதாரம் என்பதுதான் மாறுகிறது.

இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் எதிர்ப்பக்கமும் தவறுவார்கள். "ஜர்னலிலும் மேற்கோள் வேண்டும்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டால், "எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது" என்று எழுதிவிட்டு, மகிழ்ச்சியான கற்றல் சூழல் பற்றி வைகோட்ஸ்கி, பியாஜே என்று இரண்டு பெயரை அதன் வாலில் கட்டிவிடுவார்கள். அந்தப் பெயர்களை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். குறிப்பில் எதுவும் குறையவில்லையென்றால், அந்த மேற்கோள் அங்கே வேலை செய்யவில்லை. மேரி பட் ரோவை எடுத்துவிட்டால், அமைதி ஏன் நீளமாகத் தோன்றியது என்ற கேள்வியே குறிப்பிலிருந்து போய்விடுகிறது. அதுதான் சோதனை.

இன்னொரு நோய், நல்ல முடிவுக் கதை. முதல் வாரம் பயம், இரண்டாம் வாரம் அழுகை, கடைசி வாரம் பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டு போகவிடவில்லை. படிப்பவருக்குக் கண் கலங்கும். மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்பதை மாணவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். உணர்ச்சிக்கே மதிப்பெண் கொடுத்தால் உணர்ச்சி பெருகும், அவ்வளவுதான். தேதியிட்ட சீட்டும் தோழியின் தாளும் வழிகாட்டி ஆசிரியர் அன்றே எழுதிய இரண்டு வரியும் இருந்தால் அப்படிக் கதை கட்டுவது கொஞ்சம் கடினம். முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய இரவில் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து நாற்பது நாள் அனுபவத்தையும் எழுதி முடிப்பவர்களுக்கு, 36 துண்டுச் சீட்டு எழுதுவதா பெரிய வேலை?

ஆதாரம் வைக்கும்போது ஒரு கட்டுப்பாடும் உண்டு. பிள்ளைகளின் பெயர் ஜர்னலில் வரக்கூடாது. "மூன்றாவது பெஞ்சு மாணவி" போதும். சீட்டை ஒட்டினால் பெயர் எழுதிய ஓரத்தைக் கிழித்துவிட வேண்டும்.

இந்தப் பழக்கம் படிப்போடு முடிந்துபோவதில்லை என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரு கூட்டமே சாட்சி. பிரிட்டனில் வேலை பார்க்கும் செவிலியர்கள், அங்கே போயிருக்கும் நம்மூர்க்காரர்கள் உட்பட, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தம் பதிவைப் புதுப்பிக்க ஐந்து மீள்நோக்குக் குறிப்புகள் எழுத வேண்டும். 2016 முதல் இது கட்டாயம். ஒவ்வொரு குறிப்பும் அவர்கள் பெற்ற ஒரு பயிற்சியையோ, பிறர் சொன்ன கருத்தையோ, பணியில் நடந்த ஒரு நிகழ்வையோ பற்றியதாக இருக்க வேண்டும். என்ன கற்றேன், வேலையில் எதை மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் இருக்கக்கூடாது. எழுதிவைத்தால் மட்டும் போதாது, பதிவுபெற்ற இன்னொரு செவிலியரோடு உட்கார்ந்து அந்தக் குறிப்புகளைப் பற்றிப் பேசவும் வேண்டும். தன் உணர்வைத் தான் மட்டுமே சரிபார்த்துக்கொள்வது போதாது என்று அந்தத் துறை கருதுகிறது.

நம் கல்வியியல் கல்லூரிகள் இதற்காகப் புதிய பாடத்திட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஐந்து குறிப்பு கேட்பதை விட்டுவிட்டு ஒன்று கேளுங்கள். அந்த ஒன்றில் பிள்ளைகள் கையால் எழுதிய ஏதாவது ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வழிகாட்டி ஆசிரியர் அன்றே தேதியோடு கையெழுத்திடட்டும். மதிப்பிடும்போது, மாணவர் எவ்வளவு மகிழ்ந்தார், எவ்வளவு அழுதார் என்பதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். அந்த உணர்விலிருந்து அவர் எந்த முடிவுக்கு வந்தார், அந்த முடிவு ஒட்டியிருக்கும் தாளோடு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.